எட்டுச் சக்கரம், எட்டு இடம்

மண்பாண்டப் பயிலரங்கு ஒன்றின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. "மொத்தம் 8 இடங்கள். எங்களிடம் இருப்பது 8 சக்கரங்கள்" என்ற முதல் வரியிலேயே பிடித்துப்போயிற்று. ‘சில இடங்களே உள்ளன, முந்துங்கள்’ என்று அவசரப்படுத்தும் அறிவிப்புகளில் எண்ணும் இருக்காது, காரணமும் இருக்காது.

கட்டணம் 2,400 ரூபாய். களிமண், மெருகுப்பூச்சு, இரண்டு பாத்திரங்களை இரண்டு முறை சூளையில் சுடுவது எல்லாம் அதில் அடக்கம். மூன்றாவது பாத்திரத்தைச் சுட 150 ரூபாய். கூரியர் செலவு தனி. பாத்திரம் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள். சரியாகக் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பாத்திரத்தை வெடிக்க வைத்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அன்றே எடுத்துப்போகலாம் என்று யாரும் நம்பி வரமாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது காத்திருப்போர் பட்டியல் பற்றிய பகுதி. பெயர் பதியப் பணம் வேண்டாம். யாராவது விலகினால் பதிந்த வரிசைப்படி அழைப்பார்கள். 24 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. பணம் கட்டியவர் 5 நாளுக்கு முன்பே விலகினால் முழுத்தொகையும் திரும்பும். அதற்குப் பிறகு பாதிதான், அவருக்கான மண்ணைப் பிசைந்து வைத்துவிடுவார்களாம்.

‘விலைக்கு இன்பாக்ஸில் வரவும்’ என்று எழுதும் பயிற்சியாளர்களே, தொகையை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.