ஏடும் நாவும்

கடப்பாக்கம் போன்ற நம் கடலோர ஊர்களில் தமிழ் எழுத்தில் அச்சான யாசீன் நூல்கள் புழங்குவதைக் காண்கிறோம். அரபு எழுத்தறியாத தாய்மார்க்கு அவை துணையாயிருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அச்சிலுள்ளபடி வாசித்துவிட்டால் ஓதல் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் அவை கூடவே அழைத்து வருகின்றன. அவ்வெண்ணமே இங்கு ஆராயத்தக்கது.

உஸ்மான் (ரலி) அவர்கள் படியெடுப்பித்த திருக்குர்ஆன் ஏடுகளில் உயிர்க்குறிகள் இல்லை. அவற்றை நகரங்களுக்கு அனுப்பியபோது ஓதிக்காட்டுவோரையும் உடன் அனுப்பினார்கள் என்பர். கூஃபா நகரில் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீயிடம் ஆஸிம் கேட்டார்; ஆஸிமிடம் ஹஃப்ஸ் கேட்டார். இன்று நாம் ஓதுவது அந்த ஹஃப்ஸ் வழி வந்த ஓதலே.

ஃபாத்திஹா அத்தியாயத்தில் தீர்ப்பு நாளைக் குறிக்கும் வசனத்தின் முதற்சொல்லைப் பாருங்கள். பழைய ஏட்டில் அது மீம், லாம், காஃப் என்னும் மூன்றே எழுத்துகள். ஆஸிம் அதனை ‘மாலிகி’ என நீட்டி ஓதினார். உடையவன் என்பது பொருள். மதீனாவின் நாஃபிஉ ‘மலிகி’ எனக் குறுக்கி ஓதினார். அரசன் என்பது பொருள். எழுத்து இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆனால் எழுத்து இடம் தருவதனால் மட்டும் அவை ஏற்கப்படவில்லை. இரண்டும் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு வந்தவை என்பதனால் ஏற்கப்பட்டன.

இதற்கு எதிரான கொள்கையும் ஒருகால் எழுந்தது. பாக்தாதில் இப்னு மிக்ஸம் என்ற அறிஞர், ஏட்டின் எழுத்துக்கும் அரபு இலக்கணத்துக்கும் பொருந்துமாயின், எவரிடமும் கேளாத ஓதலும் ஆகும் என்றார். அவர் வாதம் அறிவுக்கு எளிதாகவே படும். ஆயினும் அதனை ஏற்றால், இலக்கணம் கற்றவர் எவரும் வேதத்தின் ஒலியைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். இப்னு முஜாஹித் அதனை எதிர்த்தார், ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) விசாரணைக்கு நிறுத்தப்பட்ட இப்னு மிக்ஸம் தம் கொள்கையைக் கைவிட நேர்ந்தது. எழுத்தும் இலக்கணமும் இசைந்தாலும் ஸனது என்னும் ஆசிரியத் தொடர் இன்றேல் ஓதல் ஆகாது என்பதே நிலைத்தது.

தமிழெழுத்து நூலோ இப்னு மிக்ஸம் கேட்டதையும்விட அதிகம் கேட்கிறது. அவர் கையிலிருந்தது அரபு எழுத்தேனும்! தமிழில் காஃபுக்கும் காஃபின் அடித்தொண்டை உறவான காஃபுக்கும் ஒரே ‘க’தான்; இவ்வாக்கியத்திலேயே அவ்விரண்டையும் நம்மால் பிரித்தெழுத இயலவில்லை. அடித்தொண்டையில் ஒலித்தால் ‘கல்பு’ இதயம். நம் ‘க’வாக ஒலித்தால் நாய். எழுத்தின்கீழ்ப் புள்ளியும் கோடும் இட்டுச் சிலர் வேறுபடுத்துகின்றனர். நல்ல முயற்சியே, ஆனால் அப்புள்ளி எந்த ஒலியைக் குறிக்கிறது என்பது அவ்வொலியை முன்பே கேட்டவருக்குத்தான் விளங்கும்.

நம் முன்னோர் இதற்கு மறுதலையாகச் செய்தனர். அரபுத்தமிழில் தமிழையே அரபு எழுத்தில் எழுதினர். தமிழொலிகளுக்கெனப் புதிய எழுத்துகளையும் சமைத்துக்கொண்டனர். அதனால் அரபுச் சொற்கள் தம் எழுத்துக் கெடாமலே தமிழ் வாக்கியத்துள் நின்றன.

ஆதலால் உஸ்தாதிடமோ, ஓதத் தெரிந்த பாட்டியாரிடமோ கேட்டு மனனம் செய்தவர், மறந்த இடத்தை நினைவூட்டிக்கொள்ள இந்நூலைப் புரட்டட்டும். கேளாதவர் கையில் முதன்முதலாக இதனைக் கொடுத்து ஓதச் சொல்வதையே நாம் மறுக்கிறோம்.