வாராந்திரச் சல்லடையும் வெற்றுக் கட்டங்களும்

வாரந்தோறும் பங்குகளைச் சலித்தெடுக்கும் முறை, பங்கின் விலையை ஒரு பங்குக்குரிய ஓராண்டு லாபத்தால் வகுத்துப் பெறும் பி.இ. விகிதத்தையும், மொத்தக் கடனைப் பங்குதாரர் நிதியால் வகுத்துப் பெறும் கடன் விகிதத்தையும் நம்பி நிற்கிறது. பி.இ. 15-க்குக் கீழும் கடன் விகிதம் 1-க்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் நிறுத்திக்கொள்ளும் ஒருவரால், சந்தையின் பரபரப்புக்கு ஆட்படாமல் ஒரே அளவுகோலால் ஆயிரக்கணக்கான நிறுவனங்களை அளக்க முடிகிறது. அதுவே இம்முறையின் பெரும்பலம்.

ஆனால் வாரம் என்ற கால அளவு விலைக்கு மட்டுமே பொருந்துகிறது. செபி விதிகளின்படி காலாண்டு முடிவுகள் 45 நாட்களுக்குள்ளும், ஆண்டு முடிவுகள் 60 நாட்களுக்குள்ளும் வெளிவர வேண்டும் என்றாலும், கடனைக் காட்டும் சொத்து-பொறுப்பு அறிக்கை செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு மட்டுமே கட்டாயமாகிறது. ஆகவே நவம்பர் முதல் வாரத்தில் சலிப்பவர் பல நிறுவனங்களுக்கு மார்ச் மாதக் கடனையே பார்க்கிறார். அது பழையது என்று தெரிந்திருந்தால் கெடுதல் குறைவு. கடன் கட்டம் வெறுமையாக இருக்கும்போது விரிதாள் அதைச் சுழியமாகக் கொண்டு வகுத்துவிடுவதே உண்மையான ஆபத்து. தகவல் தராத நிறுவனம் கடனற்ற நிறுவனமாகப் பட்டியலின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. நட்டத்தால் பங்குதாரர் நிதியே எதிர்மமாகிவிட்ட நிறுவனமும் '1-க்குக் கீழ்' என்ற நிபந்தனையை எளிதில் தாண்டிவிடும்.

திருத்தப்பட்ட கணக்குகள் இன்னும் நுட்பமாக ஏமாற்றுகின்றன. கடைசி நான்கு காலாண்டு லாபத்தை அறிய, சென்ற ஆண்டு லாபத்தோடு புதிய காலாண்டைக் கூட்டி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைக் கழிப்பது வழக்கம். 300 ரூபாய் விலையுள்ள ஒரு கற்பனைப் பங்கின் ஆண்டு லாபம் 18 ரூபாய், புதிய ஜூன் காலாண்டு 5, முந்தைய ஜூன் 4 என்றால் கூட்டுத்தொகை 19, பி.இ. 15.8; பங்கு விலக்கப்படும். பழைய பிழையொன்றைத் திருத்தி முந்தைய ஜூன் லாபத்தை 2 என நிறுவனம் மறுபடி அறிவிக்க, ஆண்டுத்தொகை மட்டும் தரவுத்தளத்தில் 18 ஆகவே நின்றால், விடை 21 ஆகி, பி.இ. 14.3-க்கு இறங்கி, பங்கு உள்ளே வந்துவிடும். லாபம் குறைத்துத் திருத்தப்பட்டதே அதை மலிவாகக் காட்டுகிறது! ஆண்டுத்தொகையையும் 16 ஆகத் திருத்தினால் மீண்டும் 19-தான். நான்கு காலாண்டுகளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் இந்த முரண் உடனே தெரியும்.

ஒவ்வோர் எண்ணுக்கும் அது குறிக்கும் காலத்தையும் வெளியான நாளையும் சேர்த்துப் பதிந்து, திருத்தம் வரும்போது பழையதை அழிக்காமல் புது வரியாக எழுதுவது இதற்கான பயனுள்ள ஏற்பாடு. விடுபட்ட எண்ணைத் துறைச் சராசரியால் நிரப்பும் பழக்கம் ஏற்கத்தக்கதன்று. சிக்கலில் உள்ள நிறுவனங்களே கணக்கைத் தாமதப்படுத்தும் வாய்ப்பு அதிகமாதலால், சராசரி அவற்றுக்குச் சலுகையாகிவிடும். அவற்றைத் 'தீர்மானிக்க இயலாதவை' என்று தனியே நிறுத்தலாம். முடிவுகள் வெளிவரும் வாரங்களில் அந்தப் பட்டியல் நீண்டு, கையால் சரிபார்க்கும் வேலை கூடும் என்பது அதற்கான விலை.