மாவு மில்லில் ஒரு கவிதை

குழந்தை எழுதிய கவிதையைக் கையில் வாங்கியதும் பெரியவர்கள் தேடுவது எதுகையையும் எழுத்துப் பிழையையும்தான். இரண்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முதலில் தலைப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வரிகளைப் படியுங்கள். எந்த இடம், எந்தப் பொருள் என்று தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் பிள்ளை அங்கே போயிருக்கிறது. தெரியாவிட்டால் பாடப்புத்தகத்தில்தான் இருந்திருக்கிறது.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடிட்ட இடம் விட்ட ஒரு சட்டகத்தைக் கொடுத்து, ஐம்புலன்களால் அதை நிரப்பச் சொல்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். நியூயார்க்கில் கென்னத் கோக் என்ற கவிஞர் 1968 முதல் பி.எஸ். 61 என்ற அரசுத் தொடக்கப்பள்ளியில் இந்த மாதிரி வேலையைச் செய்தார். ஒவ்வொரு வரியையும் 'எனக்கு ஆசை' என்று தொடங்கச் சொன்னார், எதுகை வேண்டாம் என்றார். 1970இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். வரி எப்படித் தொடங்கும் என்பது தெரிந்துவிட்டால் வெற்றுத்தாளின் பயம் போய்விடும். சட்டகத்தின் பயன் அவ்வளவுதான்.

ஆனால் ஆங்கிலச் சட்டகத்தை அப்படியே தமிழாக்கினால் நொண்டும். 'அது ____ போல மணக்கும்', 'அது ____ போல ஒலிக்கும்' என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். தமிழில் வினை கடைசியில் வருவதால் பிள்ளை எழுதும் சொல் நடுவில் நசுங்கிப்போகிறது. எல்லா வரியும் 'கும், கும்' என்று முடிகிறது. 'மணக்கும்' என்று நாமே எழுதிவிட்டதால் முப்பது பிள்ளைகளில் பாதிப் பேர் மல்லிகைப்பூவை நிரப்பினார்கள். கவிச்சி, கருகல், பால்வாடை, ஊசிப்போன குழம்பு எதற்கும் அந்தக் கோட்டில் இடமில்லை. 'போல' இன்னொரு தொல்லை. உவமை தேடத் தொடங்கினால் பிள்ளை பொருளைப் பார்ப்பதை விட்டுவிடும்.

வினையை முன்னால் தூக்கிப் போட்டேன். இதுதான் இப்போது நான் பயன்படுத்தும் சட்டகம்:

கையில் பட்டது ________
நாக்கில் ஒட்டியது ________
மூக்கில் ஏறியது ________
கண்ணில் விழுந்தது ________
காதில் நின்றது ________
மனசு கேட்டது ________

வரிசையைக் கவனியுங்கள். இது தொல்காப்பியத்தின் மரபியல் சொல்லும் வரிசை. தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. அதற்குப் பின் சுவை, நாற்றம், பார்வை, கேள்வி என்று ஒவ்வொன்றாகக் கூடி, ஆறாவதாக மனம். வகுப்பில் இதன் பயன் வேறு. 'எழுது' என்றதும் பிள்ளைகள் கண்ணில்தான் தொடங்குவார்கள், கண்ணிலேயே முடித்தும் விடுவார்கள். கையை முதலில் வைத்தால் பார்வைக்கு வருவதற்குள் மூன்று வரி போயிருக்கும். அதற்குள் அவர்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாவு மில்லைப் பற்றி எழுதினாள். முதல் படி இப்படி இருந்தது: கையில் பட்டது மாவு, நாக்கில் ஒட்டியது மாவு, மூக்கில் ஏறியது வாசனை, கண்ணில் விழுந்தது மெஷின் அண்ணன், காதில் நின்றது சத்தம், மனசு கேட்டது எப்போ வீட்டுக்குப் போவோம்.

பிழை ஒன்றுமில்லை, உயிரும் இல்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் சொற்கள்: வாசனை, சத்தம். 'அழகு', 'இனிமை', 'சூப்பர்' ஆகியவையும் இதே குடும்பம். இவை தென்பட்டால் அடித்துவிடாதீர்கள், கேள்வி கேளுங்கள். 'நல்லா யோசி' என்பது கேள்வி ஆகாது. அன்று நடந்ததைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

"மாவு எப்படி இருந்துச்சு?"

"சுட்டுச்சு டீச்சர். தூக்குவாளியத் தொடவே முடியல."

"வாசனை உங்க அரிசியோடதா?"

"இல்ல, பக்கத்து மெஷின்ல யாரோ மொளகா அரைச்சாங்க. தும்மிக்கிட்டே இருந்தேன்."

கண் வரியில் இலக்கணமே உதவிக்கு வந்தது. 'விழுந்தது' என்ற அஃறிணை வினையோடு 'அண்ணன்' ஒட்டாது. வாய்விட்டுப் படித்தபோது அவளுக்கே இடித்தது. 'விழுந்தார்' என்று திருத்தப் போனாள். வினையைத் தொடாதே, அண்ணனிடம் எதைப் பார்த்தாய் என்றேன். "புருவம். தாத்தா மாதிரி வெள்ளையா இருக்கும், ஆனா அவருக்குத் தாடி கறுப்பு." இந்த முரண்டு சட்டகத்தில் தற்செயலாக அமைந்தது. இப்போது வேண்டுமென்றே அதை விட்டுவைக்கிறேன். ஆளை எழுத முடியாது, ஆளின் ஏதோ ஒன்றைத்தான் எழுத முடியும்.

சத்தத்துக்கு நேரம் பிடித்தது. மெஷின் எப்படிச் சத்தம் போட்டது என்றால் 'டடடட' என்று செய்து காட்டுகிறாள், அதற்கு மேல் நகரவில்லை. மெஷின் நின்ற பிறகு என்ன கேட்டது என்று மாற்றிக் கேட்டேன். "அம்மா என்னையக் கூப்பிட்டது. ரொம்ப நேரமாக் கூப்பிட்டாங்களாம்."

கையில் பட்டது தூக்குவாளியின் சூடு
நாக்கில் ஒட்டியது வாய் திறக்காமலே வந்த மாவு
மூக்கில் ஏறியது யார் வீட்டு மிளகாயோ
கண்ணில் விழுந்தது மெஷின் அண்ணனின் வெள்ளைப் புருவம்
காதில் நின்றது மெஷின் நின்றதும் கேட்ட என் பேர்
மனசு கேட்டது எப்போ வீட்டுக்குப் போவோம்

இதை ரசிக்க ஒரு வழி, எந்த வரியை அங்கே போகாதவர் எழுதியிருக்க முடியாது என்று பார்ப்பது. வெள்ளைப் புருவத்தை நானே கற்பனை செய்துவிடுவேன். ஐந்தாம் வரியை முடியாது. அந்த வரியில் மில்லின் இரைச்சலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் இரைச்சல் முழுதாகக் கேட்கிறது. கடைசி வரியை மாற்றலாமே, இடியாப்பமா கொழுக்கட்டையா என்று முடிக்கலாமே என்று ஆசை காட்டினேன். "நான் அதைக் கேக்கலயே டீச்சர்" என்றாள். சரிதான். தும்மிக்கொண்டு நின்றவளுக்குக் கொழுக்கட்டை நினைவு வராது. 'எப்போ' என்ற பேச்சுச் சொல்லையும் 'எப்பொழுது' ஆக்காமல் விட்டேன். மனசு எழுத்து வழக்கில் கேட்பதில்லை.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அதில் எழுதுவது பதினைந்து நிமிடம் போதும், மீதி பேச்சுக்கு. மூக்கு வரியில் திணறும் வகுப்பில் துணிப்பைகளில் சீயக்காய், பெருங்காயம், வெற்றிலை போட்டுக் கண்ணை மூடி முகரச் சொல்லலாம். சுவைக்கு மட்டும் வகுப்பில் எதையும் தராதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது, நினைவிலிருந்தே எடுக்கட்டும்.

சட்டகத்தை எப்போது எடுத்துவிடலாம் என்று கேட்பார்கள். நான் நாள் கணக்கு வைப்பதில்லை, யாராவது அதை மீறும்வரை காத்திருப்பேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைத்தெருவைப் பற்றி எழுதும்போது இரண்டாம் வரியில் நான் அச்சடித்திருந்த 'ஒட்டியது' என்ற சொல்லையே அடித்துவிட்டு இப்படி எழுதியிருந்தான்:

நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை, இன்று நோன்பு

அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு வெறும் தாள் கொண்டுபோனேன்.