பாதிக்கூட்டல் விதியும் மயிலாப்பூர் போர் தண்ணீரும்

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் pH என்ன வரும்? வகுப்பறை சொல்லும் வழி சுருக்கமானது. கார்பானிக் அமிலத்தின் இரு பிரிகை மாறிலிகளுக்குரிய pK மதிப்புகள் 6.35, 10.33. கூட்டிப் பாதியாக்கினால் 8.34. எத்தனை கிராம் போட்டோம் என்ற கேள்வியே எழாதது முதலில் விந்தையாகப் படும். பைகார்பனேட் அயனி ஒன்று புரோட்டானைக் கொடுக்க, இன்னொன்று அதை வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது கார்பனேட்டாகவும், வாங்கியது கரைந்த கார்பன் டைஆக்சைடாகவும் மாறுகின்றன. இரண்டும் சம அளவில், நூற்றுக்கு ஒன்று வீதம் பிறக்கின்றன. K₁, K₂ இரண்டையும் பெருக்கும்போது பைகார்பனேட்டின் செறிவு அடிபடுகிறது. சம அளவில் இருக்கும் மற்ற இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. மிஞ்சுவது [H⁺] = √(K₁K₂).

நீர்த்த கரைசலில் இது தவறும் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. உண்மைதான், ஆனால் சிறிய குற்றம். லிட்டருக்கு 0.001 மோல் இருக்கும்போது முழுச் சமன்பாடு தருவது 8.30, 0.0001 மோலுக்கு 8.09. நீரின் சொந்த அயனிகளைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கணக்கு சரியாகிவிடும்.

பெரிய குறை 'சம அளவு' என்ற நிபந்தனையில் ஒளிந்திருக்கிறது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரு போர் தண்ணீரின் மொத்தக் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 5 மில்லிமோல் பைகார்பனேட்டுக்குச் சமம். விதிப்படி pH 8.3 அருகே வரவேண்டும். மீட்டர் 7.3 காட்டினால்? மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணில் விடும் கார்பன் டைஆக்சைடு அந்த நீரில் கரைந்திருக்கிறது. 7.3-இலிருந்து 6.35-ஐக் கழித்தால் 0.95, அதாவது பைகார்பனேட் அதைப்போல் ஒன்பது மடங்கு. வாயு சுமார் 0.56 மில்லிமோல், லிட்டருக்கு 25 மில்லிகிராம். விதி எதிர்பார்த்ததோ 0.05 மில்லிமோல்தான்.

தூய உப்புக்கான விதியைக் கிணற்று நீரின்மேல் ஏற்றிவிட்டு அதைக் குறைசொல்வது நியாயமா என்று கேட்கலாம். விதியின்மேல் பழி இல்லை. நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கத்தின்மேல்தான். மூடாத பீக்கரில் வைத்த சோடாக் கரைசல்கூட நாளடைவில் வாயுவை இழந்து 9-ஐத் தாண்டும்.

அதே விதி தன் இடத்தில் கச்சிதமாக வேலை செய்வது பியூரெட்டின் கீழே. சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும்போது பாதி வழியில் குடுவையில் இருப்பது பைகார்பனேட்தான். pH 8.3 அருகே வரும் அந்த இடத்தில் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறைகிறது. இரு pK-களுக்கும் இடைவெளி நான்கே அலகு என்பதால் நிறம் பட்டென்று போகாமல் மங்கி மங்கித்தான் போகும். கடைசித் துளியைப் பிடிப்பது சிரமம். தண்ணீர்ச் சோதனையில் 8.3 எல்லைக்கோடாக நிற்பதும் இதனால்தான். புதிதாக இறைத்த போர் தண்ணீரில் பினாப்தலீன் விட்டால் நிறம் வராது. மாடித் தொட்டியில் வாயு போனபின் மெல்லச் சிவப்பு தட்டினால், கார்பனேட் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. ஹீட்டரில் வெள்ளைப் படிவு ஏறுவதும் இதே மாற்றத்தால்தான்.