மறுக்கப்பட்ட சிங்கிளும் சரிந்த கோடும்

கடைசி ஓவர், கடைசி ஜோடி. லாங் ஆன் பக்கம் தட்டிவிட்ட பந்துக்கு ஒரு ரன் சும்மா கிடைக்கும். எதிர்முனையில் இருக்கும் பதினோராவது ஆட்டக்காரர் பாதி தூரம் ஓடி வந்துவிட்டார். அடித்தவரோ கையை நீட்டித் தடுத்து அவரைத் திருப்பி அனுப்புகிறார். திரையின் ஓரத்தில் இருக்கும் வெற்றி வாய்ப்புக் கோடு சரிகிறது. கைக்கு வந்த ரன்னை விட்டுவிட்டார் என்று வர்ணனையாளர்கள் தொடங்க, தன்னை மட்டும் நம்பும் ஆள் என்று ரசிகர்கள் முடித்துவைக்கிறார்கள்.

இந்தப் பத்தி அந்த மட்டையாளரின் கட்சி. பெயர் வேண்டாம், கிரிக்கெட்டைத் தொடர்ந்து பார்க்கும் எவருக்கும் இப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும். அவர் மீது விழும் பழியில் பெரும்பங்கு, அந்தக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்று தெரியாததால் வருவது.

எளிய கோட்டுக்கு மூன்றே தகவல் போதும்: எத்தனை ரன் வேண்டும், எத்தனை பந்து மிச்சம், எத்தனை விக்கெட் கையில். கணக்கு ஆட்டத்தின் முடிவில் தொடங்கிப் பின்னோக்கி வரும். தேவையான ரன் எடுத்தாகிவிட்டால் வாய்ப்பு 100. பந்தோ விக்கெட்டோ தீர்ந்து ரன் மிச்சமிருந்தால் 0. ஸ்கோர் சமமானால் சூப்பர் ஓவர் என்பதால் 50 என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு பந்து மிச்சமிருக்கும் நிலைகளை முதலில் நிரப்பிவிட்டால், இரண்டு பந்து மிச்சமிருக்கும் நிலைகளை அவற்றிலிருந்து பெறலாம். அடுத்த பந்தில் டாட், ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, அவுட் ஆகிய ஒவ்வொன்றும் நடக்க எத்தனை சதவீதம் இடமுண்டோ, அதை அதன்பின் வரும் நிலையின் வாய்ப்போடு பெருக்கிக் கூட்ட வேண்டும். இப்படியே 120 பந்து வரை பின்னால் போனால் இருபது ஓவர் சேஸிங் முழுவதற்கும் அட்டவணை தயார். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் புரூக்கரும் ஷேமஸ் ஹோகனும் உருவாக்கி, 2012இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்த ‘வாஸ்ப்’ இந்த வகைக் கணக்குதான். சராசரி அணியோடு சராசரி அணி மோதினால் என்ன ஆகும் என்பதே அதற்கான கேள்வி.

அந்தச் ‘சராசரி’யில்தான் நம் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

ஒரு நிலையை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வைடு, நோ-பால், அபூர்வமான மூன்று ரன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவோம். நிலைத்து நிற்பவர் கடைசிப் பந்தைச் சந்தித்தால் சிக்சருக்கு 10 சதவீதம், பவுண்டரிக்கு 10 சதவீதம். பதினோராவது ஆளுக்கு இரண்டும் ஐந்தைந்து சதவீதம். இரண்டு பந்தில் ஐந்து ரன் வேண்டும். பந்து லாங் ஆனில் இருக்கிறது.

சிங்கிளை எடுத்தால் பதினோராவது ஆள் கடைசிப் பந்தில் நான்கு எடுக்க வேண்டும். பவுண்டரியோ சிக்சரோ போனால் வெற்றி. வாய்ப்பு 10 சதவீதம். மறுத்தால் நிலைத்து நிற்பவருக்குக் கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். சிக்சர் போனால் வெற்றி, அது 10. பவுண்டரி போனால் சூப்பர் ஓவர், அதில் பாதி என்றால் இன்னொரு 5. மொத்தம் 15 சதவீதம். மறுத்ததால் வாய்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது.

ஆனால் மூன்று தகவல் மட்டுமே தெரிந்த கோட்டுக்கு ஸ்ட்ரைக்கில் யார் என்பது தெரியாது. இருவரையும் சமமாகக் கலந்து ஒரு சராசரி ஆளை வைத்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு ஒரு பந்தில் நான்கு என்றால் 15 சதவீதம், ஒரு பந்தில் ஐந்து என்றால் சுமார் 11. சிங்கிளை எடுத்திருந்தால் 15 காட்டியிருக்கும் கோடு, மறுத்ததும் 11க்கு இறங்குகிறது. சரியான முடிவை எடுத்தவருக்குத் திரை நாடறியக் குட்டு வைக்கிறது!

கட்சி கட்டினாலும் கணக்கு கணக்குதான். நிலைத்து நிற்பவர் கடைசிப் பந்தில் இரண்டு ரன் அல்லது அதற்கு மேல் எடுக்க 35 சதவீதமும், சரியாக ஒன்று எடுக்க 30 சதவீதமும் இடமுண்டு என்று கொள்வோம். பதினோராவது ஆள் ஏதாவது ஒரு ரன் எடுக்க 40 சதவீதம். இப்போது இரண்டு பந்தில் இரண்டு ரன்தான் வேண்டும் என்றால், சிங்கிளை எடுத்ததுமே ஸ்கோர் சமம். பதினோராவது ஆள் ஒன்று எடுத்தால் வெற்றி, கோட்டைவிட்டாலும் சூப்பர் ஓவர், வாய்ப்பு 70. மறுத்தால் 50 தான். அங்கேயும் கையை நீட்டித் தடுத்தால் திட்டுவது நியாயம். நம் ஆளின் ரசிகர்கள் சேர்த்து வைத்திருக்கும் வீடியோக்களில் இந்த வகை மறுப்பும் கலந்திருக்கும். அதை எடுத்துவிடுவது நல்லது.

ஸ்ட்ரைக்கை அட்டவணையில் சேர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு நிலையையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஓவரின் எத்தனையாவது பந்து என்று பார்த்து, ஆறாவது பந்துக்குப் பிறகு முனையை மாற்ற வேண்டும். அப்போதுதான் 19ஆவது ஓவரின் கடைசிப் பந்தில் எடுக்கும் சிங்கிளும், அடுத்த ஓவரின் முதல் பந்தில் எடுக்கும் சிங்கிளும் வேறுவேறு சரக்கு என்று கோட்டுக்குப் புரியும்.

பழைய தரவுதான் காலை வாரும். பந்துக்குப் பந்து விவரங்களைக் ‘கிரிக்ஷீட்’ தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 2022 அக்டோபர் 1 முதல் விதி மாறிவிட்டது. கேட்ச் பிடிபடும் முன் மட்டையாளர்கள் ஒருவரையொருவர் தாண்டியிருந்தாலும், ஓவர் முடியாதவரை புதிதாக வருபவரே ஸ்ட்ரைக்கில் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய ஆட்டங்களை அப்படியே ஊட்டினால், விக்கெட் விழுந்த பிறகும் நிலைத்தவர் ஸ்ட்ரைக் பிடிக்கலாம் என்று கோடு ஏமாந்துகொண்டிருக்கும்.

கோடு உண்மை பேசுகிறதா என்று சோதிக்க வழி உண்டு. அது 30 சதவீதம் என்று சொன்ன தருணங்களை எல்லாம் திரட்டினால், அவற்றில் பத்துக்கு மூன்று வெற்றியில் முடிந்திருக்க வேண்டும். ஒரே ஆட்டத்தின் நூறு பந்துகளை நூறு சாட்சிகளாக எண்ணுவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. முடிவு ஒன்று என்பதால் சாட்சியும் ஒன்றுதான். அதோடு, மொத்தத்தில் தேறிய கோடு பதினோராவது ஆள் நிற்கும் ஆட்டங்களில் மட்டும் சறுக்கலாம். அவற்றைத் தனியே எடுத்துப் பார்க்காமல் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

இனி நடக்கப்போவது என்ன? இன்னும் சில சீசன்களில் திரையில் வரும் கோடு ஸ்ட்ரைக்கில் இருப்பவரின் பெயரோடு வரும். மறுக்கப்பட்ட சிங்கிளுக்குக் கோடு ஏறுவதைப் பார்த்து வர்ணனையாளர்கள் திணறுவார்கள். லாங் ஆனை எல்லைக் கோட்டில் நிறுத்திச் சிங்கிளைத் தூண்டிலாகப் போடும் கேப்டன்கள், இரண்டாவது ரன்னைத் தடுக்க அவரைப் பத்தடி உள்ளே கொண்டுவருவார்கள்.

மேலே சொன்ன கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பதினோராவது ஆளின் பவுண்டரி, சிக்சர் சேர்ந்த வாய்ப்பு 10இலிருந்து 15க்கு ஏறினால், ஐந்து ரன் நிலையில் எடுப்பதும் மறுப்பதும் சமம். அதைத் தாண்டினால் எடுப்பதே சரி. அணிகள் இதைக் கவனித்த நாளில், வலைப்பயிற்சியில் பந்துவீச்சாளர்களுக்குத் தடுப்பாட்டம் சொல்லித்தருவதை நிறுத்திவிட்டு நேராகத் தூக்கி அடிக்கச் சொல்லித்தருவார்கள். அந்தத் தலைமுறை வந்ததும் நம் ஆள் நீட்டிய கை கீழே இறங்கும். வெளுத்துக்கட்டும் பதினோராவது ஆளுக்கு ஸ்ட்ரைக்கைக் கொடுத்துவிட்டு எதிர்முனையில் நிற்பார்.