பழைய ரிசீவருக்குச் சூழொலி வரும் வழி: ஆப்டிகலும் எச்.டி.எம்.ஐ.யும்

திரைப்படத்தின் ஒலியைப் பிரித்து, அறையைச் சுற்றியுள்ள ஐந்து அல்லது ஏழு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் ஏ.வி. ரிசீவர், பதினைந்து இருபது ஆண்டுகள்கூடப் பழுதின்றி உழைக்கக்கூடிய கருவியாகும். ஆனால் அதனோடு இணையும் தொலைக்காட்சியும் ப்ளூ-ரே பிளேயரும் இணையவழிப் படங்களைத் தரும் பெட்டியும் அக்காலத்துக்குள் பலமுறை மாறிவிடுகின்றன. இந்த வயது வேறுபாட்டால் எழும், ஆப்டிகலா எச்.டி.எம்.ஐ.யா என்னும் கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. எச்.டி.எம்.ஐ. புதியது என்பதால் எப்போதும் அதையே பயன்படுத்த வேண்டும் என்பது ஒன்று. இரண்டுமே டிஜிட்டல் கம்பிகள் என்பதால் ஆப்டிகலே போதும் என்பது மற்றொன்று. கம்பி எவ்வளவு சுமக்கும், ரிசீவருக்கு எதைப் பிரிக்கத் தெரியும், படம் ஓடும் கருவி எதை அனுப்ப முன்வரும் என்னும் மூன்றையும் சேர்த்துப் பார்க்காத வரை இவ்விரு விடைகளும் பாதி உண்மைகளாகவே நிற்கும்.

ஆப்டிகல் இணைப்பின் எல்லை, அது பிறந்த காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது. தொஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய இந்த ஒளியிழைக் கம்பியும், அதில் ஓடும் எஸ்/பி.டிஐ.எஃப். என்னும் சோனி-பிலிப்ஸ் ஒலி நெறிமுறையும், இடம் வலம் என இரண்டே சேனல்கள் கொண்ட குறுந்தட்டின் உலகைச் சேர்ந்தவை. ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அந்த எண்களைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் முறைக்குப் பி.சி.எம். என்று பெயர், இந்த நெறிமுறையில் பி.சி.எம். ஒலிக்கு இரண்டு சேனல்களுக்கு மட்டுமே இடம் உண்டு. நொடிக்கு 48,000 அளவீடுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட் வரும். பின்னாளில் சூழொலி இக்கம்பி வழியே வந்தபோது, இந்த இரண்டு சேனல்களுக்குரிய இடத்துக்குள்தான் அது மடித்து வைக்கப்பட்டது.

அவ்வாறு மடித்து வைப்பதற்கு இரண்டு சுருக்க முறைகள் பொருந்தின. டால்பி டிஜிட்டல், முன்னே மூன்று, பக்கவாட்டில் இரண்டு, தாழ்சுரத்துக்கென ஒன்று எனும் 5.1 அமைப்பை அதிகபட்சம் நொடிக்கு 640 கிலோபிட்டுக்குள் அடக்குகிறது, டி.டி.எஸ். அதே 5.1 அமைப்புக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட் வரை எடுத்துக்கொண்டு, கிடைக்கும் இடத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நிரப்பிவிடுகிறது. இவை இரண்டும் காதுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை நீக்கிச் சுருக்கும் முறைகள், அதாவது இழப்புள்ள சுருக்கங்கள். டி.வி.டி. காலத்து ரிசீவர் எதுவாயினும் பெரும்பாலும் இவ்விரண்டையும் பிரிக்கும் டீகோடரை உள்ளே கொண்டிருப்பதால், அந்தத் தலைமுறைக் கருவிக்கு ஆப்டிகல் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அதற்குப் பின் வந்தவையே சிக்கலைத் தோற்றுவித்தன. ப்ளூ-ரே வட்டில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டி.டி.எஸ்.-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய இரண்டும் ஒரு பிட்டையும் இழக்காமல் சுருக்குபவை. முன்னது 18 மெகாபிட் வரையிலும் பின்னது 24.5 மெகாபிட் வரையிலும் உயரக்கூடியவை என்பதால் ஆப்டிகல் கம்பியில் இவற்றுக்கு இடமே இல்லை. இணையவழிப் படச் சேவைகளில் பரவலாக உள்ள டால்பி டிஜிட்டல் பிளஸ், உண்மையில் சில நூறு கிலோபிட்டிலேயே வருவதுண்டு எனினும், கம்பியில் அதை ஏற்றுவதற்கென வகுக்கப்பட்ட முறை வழக்கமான வேகத்தைப்போல் நான்கு மடங்கைக் கேட்பதால், அதுவும் ஆப்டிகலில் செல்வதில்லை. உயரத்திலிருந்து வரும் ஒலியையும் சேர்க்கும் டால்பி அட்மாஸ், வீட்டுக்கருவிகளில் ட்ரூஎச்டி அல்லது டிஜிட்டல் பிளஸ் ஆகியவற்றின் மேலேறியே வருவதால் அதுவும் வெளியே நின்றுவிடுகிறது. சுருக்காத 5.1 பி.சி.எம். ஒலியோ, இரண்டு சேனல் விதியினாலேயே விலக்கப்படுகிறது.

ஆயினும் பழைய ரிசீவர் ஊமையாகிவிடுவதில்லை என்பதற்கு வட்டின் அமைப்பே காரணம். டி.டி.எஸ்.-எச்டி மாஸ்டர் ஆடியோ தடத்தின் உள்ளே, பழைய டீகோடர்களுக்குப் புரியும் சாதாரண டி.டி.எஸ். கருவொன்று பொதிந்துள்ளது, ட்ரூஎச்டி தடத்தோடும் ஒரு டால்பி டிஜிட்டல் தடம் இணைத்தே எழுதப்படுகிறது. பிளேயரின் ஒலி அமைப்பில் "Bitstream" என்பதைத் தேர்ந்தால், அது பெரிய பகுதியை விட்டுவிட்டுக் கருவை மட்டும் ஆப்டிகலில் அனுப்பும். ரிசீவர் அதை நிறைவான 5.1 ஆகவே ஒலிக்கும். இழக்கப்படுவது சூழொலி அன்று, அதன் இழப்பின்மை மட்டுமே. நடுத்தர ஒலிபெருக்கிகளும் சாதாரண வரவேற்பறையும் உள்ள இடத்தில் அவ்விழப்பு பெரிதாகக் கேட்பதில்லை என்பதால், வட்டு பார்ப்பவர்களுக்கு ஆப்டிகல் இன்றும் மதிப்புள்ள வழியாகவே இருக்கிறது. ஒளியால் இயங்குவதால் கருவிகளுக்கிடையே மின்தொடர்பு ஏற்படாமல் தரையிணைப்பு இரைச்சலைத் தவிர்ப்பதும், படம் செல்லும் பாதையில் ரிசீவர் குறுக்கிடாததும் அதன் கூடுதல் நன்மைகள்.

ஆப்டிகலின் உண்மையான பலவீனம் அதன் கொள்ளளவைவிட அதன் ஒருவழித் தன்மையில் இருக்கிறது. அனுப்பும் கருவி, மறுமுனையில் எத்தகைய டீகோடர் இருக்கிறது என்று இக்கம்பி வழியே அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு கருவியிலும் எதை அனுப்புவது என்பதைப் பயனரே குறிப்பிட வேண்டும். அக்குறிப்பு தவறினால் பெரும்பாலும் பிழை அறிவிப்பு எதுவும் வருவதில்லை. இரண்டு சேனல் பி.சி.எம். அமைதியாகப் போய்ச் சேர்கிறது.

எச்.டி.எம்.ஐ.யில் இதற்கு மாறாக இருவழிப் பேச்சு உள்ளது. இணைத்தவுடன் ரிசீவர் தன்னால் ஏற்க முடிந்த ஒலி வகைகளின் பட்டியலைத் தருகிறது. அனுப்பும் கருவி அதற்கேற்பத் தேர்கிறது. 2006-இல் வந்த 1.3 பதிப்பு ட்ரூஎச்டியையும் மாஸ்டர் ஆடியோவையும் பிரிக்காமலே சுமக்கத் தொடங்கியதால், அதற்கு முந்தைய ரிசீவர்கள் பயனற்றவை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இது சரியன்று. 2002-இல் வந்த முதல் பதிப்பே எட்டு சேனல் பி.சி.எம். ஒலியைச் சுமக்க வல்லது என்பதால், பிளேயரே இழப்பில்லாத் தடத்தைப் பிரித்துப் பி.சி.எம்.-ஆக அனுப்பினால், ட்ரூஎச்டி என்ற பெயரையே அறியாத ரிசீவரும் அதே ஒலியை முழுமையாகப் பெறுகிறது. பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்கக்கால மாதிரிகள் ட்ரூஎச்டியை இவ்வாறு பிரித்துத்தான் அனுப்பின. பழைய ரிசீவருக்கு எச்.டி.எம்.ஐ. தரும் பெரும் நன்மை புதிய சுருக்க முறைகள் அல்ல, இந்தப் பல சேனல் பி.சி.எம்.-தான் என்று சொல்வதே பொருத்தம்.

ஆனால் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பது மட்டும் போதாது. தொடக்கக்கால மலிவு ரிசீவர்கள் சில, படத்தை ஒரு துளையிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தினவே தவிர, அதிலுள்ள ஒலியை எடுத்துக்கொள்ளவில்லை. அத்தகைய கருவிக்குப் படத்துக்கு எச்.டி.எம்.ஐ.யும் ஒலிக்கு ஆப்டிகலும் தனித்தனியே தேவைப்பட்டன. மேலும், தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பி வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி 2009-இன் 1.4 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இருந்தாலும், தொலைக்காட்சியின் செயலிகளிலிருந்து சூழொலி வர ஆப்டிகலே வழி. இறுதியாக, 4கே படங்களுக்கான எச்.டி.சி.பி. 2.2 என்னும் நகல் தடுப்பை அறியாத ரிசீவர் நடுவில் நின்றால், படம் 1080பி-க்கு இறங்கும் அல்லது திரை இருண்டுவிடும்.

இவை ஒன்றுசேரும் நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1.3 பதிப்பு கொண்ட 2008-ஆம் ஆண்டு ரிசீவர் ஒன்று, புதிய 4கே தொலைக்காட்சி, ஆப்பிள் டிவி 4கே பெட்டி ஆகியன ஒரு வீட்டில் இருப்பதாகக் கொள்வோம். 4கே படத்துக்காகப் பெட்டி நேரே தொலைக்காட்சியில் செருகப்பட்டு, அங்கிருந்து ஆப்டிகல் ரிசீவருக்குச் செல்கிறது. பெட்டி டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலியைத் தானே பிரித்துப் பல சேனல் பி.சி.எம்.-ஆக அனுப்புகிறது, தொலைக்காட்சியிடம் அதை மீண்டும் டால்பி டிஜிட்டலாகச் சுருக்கும் வசதி இல்லையெனில், ஆப்டிகலில் இரண்டு சேனலே வெளியேறுகிறது. ரிசீவரின் ப்ரோ லாஜிக் II முறை அந்த இரண்டு சேனலையும் ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் பரப்பிவிடுவதால் எல்லாவற்றிலிருந்தும் ஒலி கேட்கிறது. குறை வெளியே தெரிவதில்லை. ஆகவே காதை நம்புவதைவிட ரிசீவரின் முகப்பைப் பார்ப்பதே பாதுகாப்பு. அங்கே "Dolby Digital" என்று வர வேண்டிய இடத்தில் "PCM" என்று மட்டும் ஒளிர்ந்தால், வழியில் எங்கோ சூழொலி கழன்றுவிட்டது என்று பொருள்.

இந்நிலையில் பெட்டியின் ஒலி அமைப்பில் "Change Format" என்பதை இயக்கி "Dolby Digital 5.1" என மாற்றினால், பெட்டியே ஒலியைச் சுருக்கித் தருகிறது, தொலைக்காட்சி எச்.டி.எம்.ஐ. வழி வரும் டால்பி டிஜிட்டலை ஆப்டிகலுக்குக் கடத்தக்கூடியதாகவும், அதன் டிஜிட்டல் ஒலி வெளியீடு பி.சி.எம். தவிர்த்த நிலையிலும் இருந்தால், முகப்பில் சரியான பெயர் தோன்றும். இத்தீர்வுக்கும் ஒரு விலை உண்டு: ஒலி இரண்டாம் முறை சுருக்கப்படுகிறது. பெட்டியை நேரே ரிசீவரில் செருகினால் அந்த இழப்பு நேராது, ஆனால் 4கே கைவிடப்படும். ப்ளூ-ரே வட்டுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. 4கே பிளேயர்கள் பலவற்றில் ஒலிக்கென்றே இரண்டாவது எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதால், படத்தைத் தொலைக்காட்சிக்கும் இழப்பில்லா ஒலியைப் பழைய ரிசீவருக்கும் பிரித்தனுப்பலாம்.

இவற்றிலிருந்து எழும் முடிவு, ஒரு கம்பியைத் தேர்ந்து மற்றதை ஒதுக்குவதாக இருக்க முடியாது. எச்.டி.எம்.ஐ. வழி ஒலியை ஏற்கும் ரிசீவருக்கு, வட்டு பிளேயரைப் பொறுத்தவரை எச்.டி.எம்.ஐ.யே உயர்ந்தது, ஏ.ஆர்.சி. இல்லாத அதே ரிசீவருக்குத் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை ஆப்டிகலைத் தவிர வேறு வழியில்லை. எனவே இரண்டும் ஒருசேரச் செருகப்படுவதே அதன் இயல்பான நிலை. எச்.டி.எம்.ஐ. அறவே இல்லாத ரிசீவரை 5.1 ஒலிக்காக மட்டும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை; ஆனால் அட்மாஸ் வேண்டுமெனில், அதற்கான டீகோடரும் கூரைத் திசை ஒலிபெருக்கிகளுக்கான இணைப்பும் அக்கருவியிலேயே இல்லாததால், கம்பியை மாற்றி எதையும் பெற முடியாது.