திறந்த நாலு

ஒன்பதின் தண்டுக்கு வலப்பக்கம் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நாலுக்கு நீட்டும். படுக்கைக்கோடு தண்டைக் கடந்து, எறும்பின் கால் அளவுக்காவது வெளியே எட்டிப்பார்க்கும். கைப்பட நிரப்பிய பழைய அட்டவணைகளைப் படிக்க உட்கார்ந்தால் என் கண் முதலில் போவது அங்கேதான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது 2020 மார்ச்சில். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ், பிரிட்டிஷ் வானிலை அலுவலகக் காப்பகத்தின் மழைத்தாள்களைப் பொதுமக்கள் பார்த்துத் தட்டச்சு செய்யத் திறந்துவிட்டார். அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள். சுமார் 16,000 பேர் சேர்ந்து 16 நாளில் முடித்தோம். ஒரு தாளுக்குப் பத்து ஆண்டு. பன்னிரண்டு மாதங்கள் கீழ்நோக்கி, ஆண்டுகள் பக்கவாட்டில், அடியில் கூட்டுத்தொகை. எல்லாம் அங்குலத்தில், இரண்டு தசம இடத்தோடு.

நண்பர் ஒருவருக்குக் குறுக்குக்கோடு போட்ட ஏழுதான் அழகு. அந்தக் கோடு இருந்தால் குழப்பமே இல்லை என்பார். பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் கையெழுத்தில் அது நியாயம்தான். அவர்களுடைய ஒன்று நீளமாக மேலேறி இறங்கும். கோடில்லாத ஏழு அதன் பக்கத்தில் நின்றால் இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆங்கிலேய எழுத்தருக்கு ஒன்று என்பது வெறும் குச்சி. அவருக்கு எதற்குக் கோடு? அதோடு, கோடும் ஏமாற்றும். தாளின் அச்சுக்கோடு சாதாரண ஏழின் நடுவே ஓடினாலும் அது கோடு போட்ட ஏழாகத்தான் தெரியும். அடித்துத் திருத்திய ஒன்றும் அப்படியே தெரியும். பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் அந்தக் கோடு ஓடுகிறதா என்று பார்த்தால் முதல் சந்தேகம் தீரும்.

நாலில் ரசிக்க எவ்வளவோ இருக்கிறது. திறந்த நாலைப் பேனா இரண்டு தடவையில் எழுதுகிறது: இறங்கி வலப்பக்கம் திரும்பி ஒரு வீச்சு, பேனாவைத் தூக்கி மேலிருந்து ஒரு தண்டு. அந்தத் தூக்கல்தான் உயிர். ஒன்பது ஒரே மூச்சில் சுழன்று இறங்குவது. அதன் இடப்பக்கம் வளையும், நாலின் இடப்பக்கம் முறியும். எழுத்தருக்கு அவசரம் வந்தால் நாலின் வாய் மூடிக்கொள்ளும், வலது நுனியும் உள்ளே ஒடுங்கிவிடும். அப்போது மூலையை மட்டும் பார்க்க வேண்டும்.

ஒரு தாளில் ஓர் ஆண்டின் கூட்டுத்தொகை 31.46. நான் படித்த பன்னிரண்டையும் கூட்டினால் 31.96. வித்தியாசம் அரை அங்குலம். தசமத்துக்கு அடுத்த இலக்கத்தில் ஐந்து கூடுதல். ஐந்து இடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது நாலை ஒன்பதாகப் படித்திருப்பேன் என்று. அடுத்து, மூன்றை எட்டாக. (ஆறு இடித்தால் ஒன்றும் ஏழும், ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும். பேரேடு எழுதியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.) அந்த இடத்தில் ஒன்பது இருந்தது இரண்டு மாதங்களில்: மார்ச் 1.92, அக்டோபர் 4.97. ஆகஸ்டில் ஓர் எட்டு. அதன் இரண்டு வயிறும் சுத்தமாக மூடியிருந்ததால் அதை விட்டேன். மார்ச்சின் ஒன்பது வழவழவென்று உருண்டிருந்தது. அக்டோபரைப் பெரிதாக்கினேன். இடது கீழ்முனையில் ஒரு முறிவு. உச்சியில் இரண்டு கோடுகளும் தொட்டும் தொடாமலும் மயிரிழை வெளிச்சம். 4.47. கூட்டல் இடிப்பதும் நின்றது.

கூட்டுத்தொகையை முழுக்க நம்பவும் கூடாது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டால் அது வாய் திறக்காது. எழுத்தரே தப்பாகக் கூட்டியிருப்பதும் உண்டு. அங்கே இலக்கத்தை வளைத்துக் கணக்கை நேராக்குகிற ஆசை வரும். அடக்கிக்கொண்டு, தாளில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவேன்.

இப்போது இந்த ரசனைக்கே வழியில்லை. பால்பாயிண்ட் வந்ததும் அழுத்தம் போயிற்று. எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று மை சொல்வதில்லை. ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, மூலத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். நீல மையும் சிவப்பு அச்சுக்கோடும் அதில் ஒரே கறுப்பு. எந்த ஏழைப் பார்த்தாலும் இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறது.

அக்டோபர் நாலைக் கண்டுபிடித்த தாளில் இன்னும் இரண்டு பத்தி தள்ளிப் போனால் கை மாறுகிறது. புதிதாக வந்தவருடைய நாலுகள் எல்லாம் முக்கோணமாக இறுக மூடியிருக்கின்றன. தவறவே முடியாது. அந்தப் பத்திகளை மளமளவென்று தட்டிவிட்டு, பழையவருடைய அக்டோபருக்கே திரும்பி வந்தேன்.